ஆறுக்குச் சரி, ஏழுக்குத் தப்பு: tan⁻¹ கொடுத்த வீச்சு

டி மாய்வர் தேற்றத்தை நடத்தி முடித்த மறுநாள் வகுப்பில் இரண்டே இரண்டு கணக்கு கொடுத்திருந்தேன். z = −√3 + i என்ற கலப்பெண்ணுக்கு z⁶ என்ன, z⁷ என்ன? கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி நோட்டோடு மேசைக்கு வந்து நின்றாள். முதல் கணக்கின் விடை ஒத்துப்போயிருந்தது. இரண்டாவது ஒத்துப்போகவில்லை.

“சார், ரெண்டுக்கும் ஒரே வீச்சுதான் போட்டேன். ஆறாவது அடுக்கு −64 சரியா வந்துடுச்சு. அப்போ வீச்சு சரிதானே? ஏழாவதுல எங்க தப்புன்னு நாலு தடவ பாத்துட்டேன், ஒண்ணும் கிடைக்கல.”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே எண், ஒரே வீச்சு, ஒரே தேற்றம். ஒன்று சரியாக வந்தால் மற்றதும் சரியாக வர வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் நோட்டில் இருந்தது இது:

r = √(3 + 1) = 2
θ = tan⁻¹(1/(−√3)) = −π/6
z⁶ = 2⁶(cos(−π) + i sin(−π)) = −64
z⁷ = 2⁷(cos(−7π/6) + i sin(−7π/6)) = −64√3 + 64i

மட்டு சரி. அடுக்கு ஏற்றியது சரி. cos(−7π/6) என்பது −√3/2, sin(−7π/6) என்பது 1/2, அவையும் சரி. தப்பு இரண்டாவது வரியிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வரிகள் எல்லாம் அந்தத் தப்பை ஒழுங்காகச் சுமந்து வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

வீச்சை ஒதுக்கிவிட்டு நேராகப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். இந்த எண்ணுக்கு அது நான்கு வரி வேலை. z² = 3 − 2√3 i − 1 = 2 − 2√3 i. அதை மறுபடி z-ஆல் பெருக்கினால் (2 − 2√3 i)(−√3 + i) = −2√3 + 2i + 6i + 2√3 = 8i. ஆக z³ = 8i. அதை வர்க்கப்படுத்தினால் z⁶ = −64. அதை z-ஆல் பெருக்கினால் z⁷ = 64√3 − 64i.

அவள் விடையில் இரண்டு குறிகளும் தலைகீழாக இருந்தன. வர வேண்டியதன் சரியான எதிர்மறை. இது தற்செயல் இல்லை. விடை முழுசாக −1-ஆல் பெருக்கப்பட்டு வந்தால், எங்கோ கோணம் π அளவு தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம். அரை வட்டம் சுற்றுவதும் −1-ஆல் பெருக்குவதும் ஒன்றுதான்.

இப்போது அந்த இரண்டாவது வரிக்கு வருவோம். y/x என்று வகுத்த கணத்தில் நாம் ஒரு தகவலைத் தொலைக்கிறோம். 1/(−√3) என்பதும் (−1)/√3 என்பதும் ஒரே எண். முதலாவது −√3 + i-யிலிருந்து வந்தது, இரண்டாவது √3 − i-யிலிருந்து வந்தது. இரண்டு புள்ளிகளும் ஆதிப்புள்ளிக்கு எதிரெதிர் பக்கம், ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. சாய்வு கோட்டுக்கு உரியது. புள்ளி அந்தக் கோட்டின் எந்த முனையில் இருக்கிறது என்பது சாய்வில் இல்லை. வகுத்து முடித்த பிறகு tan⁻¹ கையில் ஒரு சாய்வு மட்டும்தான் இருக்கிறது. நாம் எந்த முனையைக் கேட்கிறோம் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

tan⁻¹ ஒரு சார்பு. ஒரு உள்ளீட்டுக்கு ஒரு விடைதான் அது தர முடியும். அதன் வீச்சகத்தை −π/2-க்கும் π/2-க்கும் இடைப்பட்டதாக வைத்திருக்கிறோம். அதாவது முதல் காற்பகுதி, நான்காம் காற்பகுதி, இவை இரண்டைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. x நேராக இருந்தால் அது சொல்வதே வீச்சு. x எதிராக இருந்தால் அது காட்டுவது எப்போதும் எதிர்முனையைத்தான். இந்த மாணவிக்குக் கிடைத்த −π/6, √3 − i-யின் வீச்சு. அவள் ஏழாவது அடுக்கை ஏற்றியதும் அந்த எண்ணுக்குத்தான்.

“சரி சார், அப்ப ஆறாவது அடுக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

கோணத்தில் π தப்பு. அதை n-ஆல் பெருக்கினால் தப்பு nπ ஆகிறது. n இரட்டை எண் என்றால் அது முழுச் சுற்றுகளாகி மறைந்துவிடும். n ஒற்றை என்றால் அரைச் சுற்று மிச்சம் நிற்கும், விடையின் குறி மாறும். (−z)⁶ = z⁶, (−z)⁷ = −z⁷ என்று சின்ன வகுப்பிலிருந்து தெரிந்த விஷயம்தான் இங்கே கோண வேடத்தில் வந்திருக்கிறது. அதனால் இரட்டைப்படை அடுக்குக் கணக்கு எத்தனை சரியாக வந்தாலும், வீச்சு சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அவள் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இந்த முறை வீச்சைத் திருத்தியிருந்தாள். “ரெண்டாவது காற்பகுதிக்கு π − θ” என்று மனப்பாடமாகத் தெரியும். அதன்படி π − (−π/6) = 7π/6 என்று போட்டிருந்தாள். z⁶ மறுபடியும் −64. z⁷-க்கு 49π/6 = 8π + π/6, ஆகவே 64√3 + 64i.

எனக்கு இந்த இரண்டாவது தப்புதான் முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது. முதல் தப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நகர்ந்துவிடுவோம். இது அந்தத் திருத்தத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. π − θ என்ற வாய்பாட்டில் உள்ள θ குறுங்கோணம். z-லிருந்து x அச்சு வரை உள்ள, எப்போதும் நேர்மதிப்பு கொண்ட கோணம். அதை |y/x|-லிருந்துதான் எடுக்க வேண்டும். இவள் குறியோடு y/x-லிருந்து எடுத்த −π/6-ஐ அதில் போட்டாள். குறியை ஏற்கெனவே tan⁻¹ ஒரு முறை கணக்கில் எடுத்துவிட்டது, வாய்பாடு இன்னொரு முறை எடுக்கிறது. விளைவு, 7π/6, அது மூன்றாம் காற்பகுதியில் இருக்கிற −√3 − i-க்கு உரிய கோணம். அந்த எண் z-இன் இணை. ஆகவே விடையும் சரியான விடையின் இணையாக வந்தது: மெய்ப்பகுதி சரி, கற்பனைப் பகுதியின் குறி மட்டும் தப்பு.

நோட்டைத் திருத்துகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். ஒற்றைப்படை அடுக்கில் இரண்டு குறியும் மாறி வந்தால் மாணவர் tan⁻¹ சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். கற்பனைப் பகுதியின் குறி மட்டும் மாறி வந்தால் குறியோடு எடுத்த கோணத்தை குறுங்கோண வாய்பாட்டில் போட்டிருக்கிறார். நடுவில் உள்ள வரிகளைப் படிக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் சரி. ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலக்கக் கூடாது.

குறுங்கோண வழியில் குறிகளை மறந்துவிட்டு α = tan⁻¹|y/x| என்று எடுக்கிறோம். நம் எண்ணுக்கு α = π/6. ஒரே α கொண்ட நான்கு எண்கள் இருக்கின்றன, அவற்றை ஒரே படத்தில் வரைவது நல்லது. √3 + i முதல் காற்பகுதியில் இருக்கிறது, வீச்சு α-வேதான், π/6. −√3 + i இரண்டாவதில்; எதிர் x அச்சிலிருந்து α அளவு மேலே, ஆகவே π − α = 5π/6. −√3 − i மூன்றாவதில்; அதே எதிர் x அச்சிலிருந்து α அளவு கீழே, ஆகவே −(π − α), அதாவது α − π = −5π/6. √3 − i நான்காவதில், −α = −π/6. நான்கும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். வாய்பாட்டை மறந்தாலும் அந்தச் செவ்வகம் நினைவிருந்தால் போதும்.

மூன்றாம் காற்பகுதிக்குப் பலர் π + α = 7π/6 என்று எழுதுவார்கள். அது தப்பான வீச்சு இல்லை. −5π/6-உடன் 2π கூட்டினால் அதுதான் வரும். ஆனால் முதன்மை வீச்சு கேட்டிருந்தால் −π-ஐவிடப் பெரியதாகவும் π-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். 7π/6 அதற்குள் வராது.

மற்ற வழியில் குறியை அப்படியே வைத்துக்கொண்டு tan⁻¹(y/x) எடுக்கிறோம். x நேர் என்றால் தொட வேண்டாம். x எதிர், y எதிர் இல்லை என்றால் π கூட்ட வேண்டும். x, y இரண்டும் எதிர் என்றால் π கழிக்க வேண்டும். நம் எண்ணுக்கு −π/6 + π = 5π/6. இங்கே π − θ என்ற பேச்சுக்கே இடமில்லை; எதிர்முனையிலிருந்து அரைச் சுற்று நகர்கிறோம், அவ்வளவுதான். கணிப்பானில் வேலை செய்கிறவர்களுக்கு இது வசதி. தாளில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் வழியைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் அது படத்தை வரையக் கட்டாயப்படுத்துகிறது.

எந்த வழியில் வந்தாலும் அடுத்த வரியில் ஒரு சோதனை போடச் சொல்வேன்: r cos θ = x வருகிறதா, r sin θ = y வருகிறதா. இரண்டையும் பார்க்க வேண்டும். −π/6-ஐ எடுத்துக்கொண்டால் 2 cos(−π/6) = √3; நமக்கு வேண்டியது −√3. அங்கேயே பிடிபட்டுவிடும். 7π/6-ஐ எடுத்துக்கொண்டால் 2 cos(7π/6) = −√3, சரிதான் என்று தோன்றும்; 2 sin(7π/6) = −1, வேண்டியது 1. cos மட்டும் பார்த்து நிறுத்தியவர் இந்த இரண்டாவது தப்பைத் தவறவிட்டிருப்பார். tan-ஐ வைத்துச் சோதிப்பது வீண். π தள்ளிப்போனாலும் tan மாறாது, ஆகவே முதல் தப்பையும் அது சரி என்றே சொல்லும்.

மூன்றாம் காற்பகுதியில் ஆபத்து இன்னும் கூடுதல். இரண்டாம் காற்பகுதியில் tan⁻¹ ஒரு எதிர்க்கோணம் தரும். மேல் பாதியில் இருக்கிற எண்ணுக்கு எதிர் வீச்சா என்று கண்ணை உறுத்தவாவது செய்யும். மூன்றாவதில் இரண்டு எதிர்க்குறிகளும் வகுத்தலில் அடிபட்டு, நல்ல நேர்க்கோணம் ஒன்று வந்து நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது. −3 − 4i-ஐப் பாருங்கள். y/x = 4/3, tan⁻¹ தருவது 53.13°. உண்மையான முதன்மை வீச்சு 53.13° − 180° = −126.87°. அந்த 53.13° முழுக்க முழுக்க 3 + 4i-க்கு உரியது.

இதே எண்ணில் வர்க்கமூலம் காணச் சொன்னேன், ஏனென்றால் அடுக்கு ஏற்றும்போது மறைந்த தப்பு மூலம் காணும்போது மறைய முடியாது. மட்டு 5, ஆக மூலத்தின் மட்டு √5. தப்பான வீச்சில் பாதி 26.57°, √5(cos 26.57° + i sin 26.57°) = 2 + i. அதை வர்க்கப்படுத்தினால் 4 + 4i − 1 = 3 + 4i. கேட்டது −3 − 4i. சரியான வீச்சில் பாதி −63.43°, √5(cos 63.43° − i sin 63.43°) = 1 − 2i. வர்க்கப்படுத்தினால் 1 − 4i − 4 = −3 − 4i. இங்கே π அளவுத் தப்பு பாதியாகி π/2 ஆகிறது. மூலம் ஒரு கால் சுற்று தள்ளிப்போகிறது. 2 + i-யும் 1 − 2i-யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதைப் படத்தில் பார்க்கலாம். ± போட்டு இரண்டு மூலம் எழுதினாலும் இது சரியாகாது, ± என்பது அரைச் சுற்றை மட்டுமே ஈடுகட்டும்.

அச்சுகளின் மேல் இருக்கும் எண்களில் ஒன்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும், ஒன்று காட்டிக்கொடுக்காது. −7i போன்றவற்றில் x = 0; வகுக்கவே முடியாது, கணிப்பான் பிழை என்று நின்றுவிடும். அது நல்லது, மாணவர் படத்தைப் பார்த்து −π/2 என்று எழுதிவிடுவார். ஆனால் −5-க்கு y/x = 0, tan⁻¹(0) = 0. பிழைச் செய்தி எதுவும் வராது. வீச்சு 0 என்றால் எண் +5 என்று ஆகிறது. சரியான வீச்சு π. 0 என்ற எண்ணுக்கு மட்டும் வீச்சே கிடையாது, ஏனென்றால் திசையே இல்லை.

நிரல் எழுதுகிறவர்கள் இதே குழியில்தான் விழுகிறார்கள். அதற்கென்றே பெரும்பாலான மொழிகளில் x, y இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் `atan2` இருக்கிறது. வகுப்பதற்கு முன்பே குறிகளைப் பார்த்துவிடுவதால் தகவல் தொலைவதில்லை.

```python
import math
x, y = -math.sqrt(3), 1
print(round(math.atan(y / x), 4))    # -0.5236
print(round(math.atan2(y, x), 4))    # 2.618
```

−0.5236 என்பது −π/6, 2.618 என்பது 5π/6. பைத்தானில் `atan2(y, x)` என்று y முதலில் வரும். எக்செல்லில் `ATAN2(x, y)`, அங்கே x முதலில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வரிசையை மாற்ற மறந்தால் கோணம் வேறாகிவிடும். −√3 + i-க்கு 150°-க்குப் பதில் −60° வந்தால் அந்த மறதிதான் காரணம்.

கடைசியாக அவளுக்கு இன்னொன்றும் காட்டினேன். காற்பகுதி பார்க்காமலே வீச்சு தரும் சூத்திரம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது:

θ = 2 tan⁻¹( y / (r + x) )

இது ஏன் எல்லாக் காற்பகுதிக்கும் பொருந்துகிறது என்பது பள்ளி வடிவியல்தான். ஆதிப்புள்ளியை மையமாக வைத்து z வழியாக r ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். அது எதிர் x அச்சை −r-இல் வெட்டும். அந்தப் புள்ளியிலிருந்து z-க்குக் கோடு போடுங்கள். கிடைமட்டமாக r + x, செங்குத்தாக y. மையத்தில் உண்டாகும் கோணம் பரிதியில் உண்டாகும் கோணத்தைப் போல் இரு மடங்கு என்பதால், அந்தக் கோடு x அச்சோடு ஆக்கும் கோணம் θ/2. θ முழு வட்டத்தையும் சுற்றி வந்தாலும் θ/2 எப்போதும் −π/2-க்கும் π/2-க்கும் இடையில்தான் இருக்கும். அது tan⁻¹ தரக்கூடிய அதே இடைவெளி. எதுவும் தொலைவதில்லை.

நம் எண்ணில் y/(r + x) = 1/(2 − √3) = 2 + √3, அது tan 75°. இரு மடங்கு 150°. −√3 − i-க்கு −(2 + √3), ஆக −150°. கூட்டல் கழித்தல் எதுவும் தேவைப்படவில்லை. எல்லை ஒன்று உண்டு: எதிர் x அச்சின் மேலேயே எண் இருந்தால் r + x = 0, சூத்திரம் நின்றுவிடும், அங்கே π என்று நாமே எழுத வேண்டும். அந்த அச்சுக்கு மிக அருகில் இருக்கும் எண்களுக்குக் கணினியில் இதைப் பயன்படுத்தக் கூடாது. r-உம் x-உம் ஏறக்குறைய அடிபட்டுப்போவதால் மிச்சம் நிற்கும் இலக்கங்கள் நம்பத் தகுந்தவையாக இருக்காது.

அவள் திரும்பப் போய் 5π/6-ஐ வைத்து ஏழாவது அடுக்கைப் போட்டாள். 35π/6 = 6π − π/6, ஆகவே 128(√3/2 − i/2) = 64√3 − 64i. பிறகு என்னிடம் கேட்காமலே மற்ற மூன்று மூலைகளுக்கும் ஆறாவது அடுக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். √3 + i, −√3 − i, √3 − i, எல்லாவற்றுக்கும் −64.

“நாலு எண்ணுக்கும் ஒரே விடை சார். அப்ப இந்தக் கணக்குல எந்த வீச்சு போட்டாலும் சரியாத்தான் வரும்.”

உண்மைதான். α = π/6 என்ற நான்கு மூலைகளையும் ஆறாவது அடுக்கு −64 என்ற ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அந்த முதல் கேள்வியை எழுதியவன் நான். வீச்சைத் தப்பாக எடுத்தவரையும் சரியாக எடுத்தவரையும் அது பிரித்துக் காட்டவே முடியாது என்பதை அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அடுத்த வகுப்புக்கான தாளில் z⁶-ஐ அடித்துவிட்டு z⁵ என்று எழுதினேன்.